சம்பள உயர்வு கேட்டு மேலாளருக்கு எழுதும் முதல் செய்தி

சம்பள உயர்வைப் பற்றி முதன்முறையாக மேலாளருக்கு எழுத உட்காருகிறவர்கள், அந்த ஒரே செய்தியிலேயே உயர்வை வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதனால் அந்தச் செய்தி மனுவைப் போல நீண்டுவிடுகிறது, அல்லது கூச்சத்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முதலில் உதவியாளராகவும், பிறகு பிரிவுப் பொறுப்பாளராகவும் வேலை பார்த்தவன் என்ற முறையில், இப்படிப்பட்ட செய்திகளை நான் எழுதியும் இருக்கிறேன், வாங்கிப் படித்தும் இருக்கிறேன். படிக்கிற இடத்தில் உட்கார்ந்த பிறகுதான், நான் முன்பு எழுதியவற்றில் என்ன குறை இருந்தது என்பது எனக்கு விளங்கியது.

நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் நிறுவனங்களில் உங்கள் நேரடி மேலாளருக்குச் சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் உங்களுக்காக முதலாளியிடமோ மனிதவளப் பிரிவிடமோ போய்ப் பேச வேண்டும். அங்கே அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் மூன்றுதான்: எவ்வளவு கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார், எப்போதிலிருந்து கேட்கிறார். இந்த மூன்றுக்கும் உங்கள் செய்தியிலேயே விடை இருந்தால், அவர் அதை அப்படியே மேலே அனுப்பிவிடலாம். இல்லையென்றால் உங்களுக்காக அவர் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும், அந்த வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஆகவே முதல் செய்தியிடம் இரண்டு காரியங்களை மட்டும் எதிர்பார்க்க வேண்டும். நேரில் பேச இருபது நிமிடம் கிடைக்க வேண்டும், மேலாளர் கையில் மேலிடத்துக்குக் காட்டக்கூடிய நாலு வரி இருக்க வேண்டும்.

எழுதுவதற்கு முன்: சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள்

எடுத்துக்காட்டாக, கணக்குப் பிரிவில் மூன்றாண்டுகளாக வேலை செய்யும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். அவருடைய மொத்தச் சம்பளம் மாதம் 20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 8,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமாக 1,440 ரூபாயும், ஈ.எஸ்.ஐ.க்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதமாக 150 ரூபாயும் பிடித்தம் போக, கைக்கு வருவது 18,410 ரூபாய். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படுவதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவர் “மூவாயிரம் கூட்டித் தாருங்கள்” என்று மட்டும் எழுதினால், கேட்பவர் மனதில் ஒரு தொகையும் கொடுப்பவர் மனதில் வேறொரு தொகையும் இருக்கும். கைக்கு வருவதில் மூவாயிரமா, மொத்தச் சம்பளத்தில் மூவாயிரமா, நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வைப்பு நிதியையும் சேர்த்த ஆண்டுத் தொகையின் கணக்கில் மூவாயிரமா என்பது தெளிவாகாமல், ஏப்ரல் மாதச் சீட்டு வந்த பிறகு மனக்கசப்பு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும் ‘மொத்தச் சம்பளம்’ என்ற வரியை அடிப்படையாக வைத்துப் பேசுவதே எளிது. அது இரு தரப்பினருக்கும் ஒரே எண்ணாகத் தெரியும்.

இந்தச் சம்பள நிலையில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் ஈ.எஸ்.ஐ. வரம்பு. 2017 ஜனவரியிலிருந்து அந்த வரம்பு மாதம் 21,000 ரூபாய். நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் 23,000 ரூபாய்க்கு உயர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். ஈ.எஸ்.ஐ.யில் பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காலத்தின் நடுவில் சம்பளம் உயர்ந்தால் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தமும் உரிமையும் தொடரும். ஏப்ரல் 1ஆம் தேதியே உயர்ந்தால் அன்றிலிருந்தே பங்களிப்பு நின்றுவிடும். முன்பு கட்டியதற்கான பலன் சில மாதங்கள் தொடர்ந்தாலும், அதன் பிறகு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடும்பத்துக்குக் கிடைத்துவந்த மருத்துவ வசதி இருக்காது. வீட்டில் தொடர்ந்து மருந்து சாப்பிடும் பெற்றோர் இருந்தால், உயர்ந்த மூவாயிரத்தில் ஒரு பெரும்பகுதி மருத்துவச் செலவுக்கே போய்விடக்கூடும்.

இதைச் சொல்வது உயர்வு கேட்கத் தயங்க வேண்டும் என்பதற்காக அல்ல. இதற்குள்ளேயே நியாயமான ஒரு கோரிக்கை இருக்கிறது. இப்போது நிறுவனம் இவருக்காக 3.25 சதவீதம், அதாவது மாதம் 650 ரூபாய், ஈ.எஸ்.ஐ.க்குக் கட்டுகிறது. இவர் வரம்பைத் தாண்டினால் அந்தச் செலவு நிறுவனத்துக்கு நின்றுபோகிறது. ஆண்டுக்கு 7,800 ரூபாய் மிச்சம். அந்தத் தொகையைக் கொண்டு நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் தன்னையும் குடும்பத்தையும் சேர்க்க முடியுமா என்று இவர் கேட்கலாம். இந்தக் கணக்கோடு வருகிறவரைச் சம்பளப் பட்டியல் பார்க்கிறவர்கள் மதிப்போடு கேட்பார்கள். ஆனால் இது நேரில் பேச வேண்டிய விஷயம். முதல் செய்தியில் இதையும் திணித்தால் செய்தி கனத்துப்போகும்.

என்ன தொகை, எந்த நாள்

கேட்கும் தொகைக்கு ஓர் அடிப்படை வேண்டும். இதே வேலையை இதே ஊரில் செய்கிற இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தும், வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இதே பொறுப்புக்குக் குறிப்பிடப்படும் சம்பளத்தைப் பார்த்தும் ஒரு தொகையை முடிவு செய்யலாம். ஒரே நிறுவனத்தில் பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம். அது தெரிந்திருந்தாலும் செய்தியில் வரக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் 20,000 ரூபாயிலிருந்து 23,000 ரூபாய், அதாவது 15 சதவீதம், கேட்கப்படுகிறது. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் ஆண்டு உயர்வைவிட இது அதிகமாகவே இருக்கும் என்பதால், வேலையின் பொறுப்பு கூடியிருப்பதைக் காட்டினால்தான் இது நிற்கும்.

நாளைப் பொறுத்தவரை, ஏப்ரலில் சம்பளம் மாறும் நிறுவனங்களில் அதற்கான தொகையை மேலிடம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. மார்ச் கடைசியில் வரும் கோரிக்கைக்கு “பட்டியல் போய்விட்டது, அடுத்த வருடம் பார்ப்போம்” என்ற பதில்தான் கிடைக்கும், அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆகவே ஜனவரி மூன்றாவது அல்லது நான்காவது வாரம் சரியான காலம். அதற்குள்ளும் உங்கள் பிரிவின் நெருக்கடி நாள்களைத் தவிர்க்க வேண்டும். கணக்குப் பிரிவில் 11ஆம் தேதி விற்பனை விவரத் தாக்கலும், 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர் 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கின் தாக்கலும் பொதுவாக வரும். ஆகவே 21ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு மேல், மேலாளர் தேநீர் குடித்துவிட்டு உட்காரும் நேரம் நல்லது. இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை அவர் வீட்டில் குழந்தைகளுக்கு நடுவே படித்துவிட்டு மறந்துபோவார்.

எதில் அனுப்புவது என்ற கேள்விக்கு என் பதில் மின்னஞ்சல். அதை மேலே அனுப்புவது எளிது, ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். எல்லா வேலையும் வாட்ஸ்அப்பிலேயே நடக்கும் அலுவலகமாக இருந்தால், மின்னஞ்சலை அனுப்பிவிட்டு “ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன் சார், நேரம் கிடைக்கும்போது பார்க்கவும்” என்று ஒரு வரி மட்டும் வாட்ஸ்அப்பில் போடலாம்.

பெரும்பாலோர் எழுதுவது

நான் பொறுப்பாளராக இருந்தபோது எனக்கு வந்த செய்திகள் பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் இருந்தன:

> மரியாதைக்குரிய ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். நான் மூன்று வருடமாக உண்மையாக உழைத்து வருகிறேன். விலைவாசி எல்லாம் ஏறிவிட்டது, வீட்டு வாடகையையும் கூட்டிவிட்டார்கள். என்னோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் சம்பளம் அதிகமாகிவிட்டது. தாங்கள் பார்த்து ஏதாவது செய்தால் நன்றாக இருக்கும். தவறாக நினைக்க வேண்டாம்.

இதை எழுதியவர் சொன்னது எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் இதை நான் முதலாளியிடம் கொண்டுபோக முடியாது. மன்னிப்பில் தொடங்குவதால், கேட்கக் கூடாததைக் கேட்பது போன்ற தோற்றம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. ‘உண்மையாக உழைக்கிறேன்’ என்பதை எல்லோரும் சொல்லலாம், எதையும் அது காட்டுவதில்லை. வாடகை உயர்ந்தது வேதனையான உண்மைதான், ஆனால் அதே தெருவில் குடியிருக்கும் இன்னும் இருபது ஊழியர்களுக்கும் வாடகை உயர்ந்திருக்கும் என்பதால், இவருக்கு மட்டும் உயர்த்த அது காரணமாகாது. சக ஊழியரோடு ஒப்பிட்டதும் பேச்சு இவரைவிட்டு அந்த ஊழியரைப் பற்றியதாக மாறிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்வது ‘பார்த்து ஏதாவது செய்யுங்கள்’ என்ற சொற்கள். பணிவாகப் பேசுவதாக நினைத்து நாம் பழக்கத்தில் இதைச் சொல்லிவிடுகிறோம். கேட்கிறவர் காதில் அது ‘எவ்வளவு கொடுத்தாலும் சரி’ என்று விழும். ஐந்நூறு ரூபாய் கூட்டினாலும் கேட்டது நிறைவேறிவிட்டதாகவே கணக்கு. மரியாதையை ‘சார்’, ‘நீங்கள்’ என்ற விளிப்பிலும் சொல்லும் தொனியிலும் வைத்துக்கொண்டு, தொகையை மட்டும் எண்ணாகவே சொல்ல வேண்டும்.

திருத்திய செய்தி

> வணக்கம் சார்,
>
> டிசம்பர் மாத ஜி.எஸ்.டி. தாக்கல் நேற்று நல்லபடியாக முடிந்தது. கொள்முதல் பில்களை 2பி அறிக்கையோடு ஒப்பிடும் வேலையைப் போன ஏப்ரலில் என்னிடம் கொடுத்து, முதல் இரண்டு மாதமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தீர்கள். அதற்கு நன்றி.
>
> ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத் தாக்கலும் கெடு தேதிக்குள் முடிந்திருக்கிறது, தாமதக் கட்டணம் ஒருமுறையும் வரவில்லை. அறிக்கையில் வராமல் விடுபட்ட பில்களுக்காக ஏழு சப்ளையர்களைத் தொடர்ந்து கேட்டதில், 1,86,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு நமக்குக் கிடைத்தது. அக்டோபரிலிருந்து சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் வாரப் பட்டியலையும் நானே தயாரிக்கிறேன்.
>
> இந்தப் பொறுப்புகளைக் கணக்கில் கொண்டு, வரும் ஏப்ரல் முதல் என் மொத்தச் சம்பளத்தை மாதம் 20,000 ரூபாயிலிருந்து 23,000 ரூபாயாக உயர்த்துவது பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். இந்த வாரத்துக்குள் உங்களுக்கு வசதியான ஒரு நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா சார்? விவரங்களை ஒரே தாளில் எழுதிக் கொண்டுவருகிறேன்.
>
> நன்றி.

இதில் நட்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘உங்கள் ஆதரவுக்கு நன்றி’ என்று பொதுவாகச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அந்த இரண்டு மாதத்தைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. மேலாளருக்கும் அது நினைவிருக்கும், தான் வளர்த்த ஆள் என்ற எண்ணம் தானாக வரும். நடக்காத ஒன்றுக்கு நன்றி சொல்வதைவிட அந்த வரியை விட்டுவிடுவது மேல்.

அடுத்த பத்தியில் மூன்றே செய்திகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஆவணத்தில் சரிபார்க்கலாம். உள்ளீட்டு வரி வரவு என்பது, சப்ளையர் தன் விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்து, சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜி.எஸ்.டி. தளம் நமக்குத் தொகுத்துத் தரும் 2பி அறிக்கையில் அது வந்தால்தான் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய தொகை. அவர் செய்யாமல் விட்டால் அந்த வரியை நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஏழு சப்ளையர்களுக்குப் போன் செய்த வேலை எவ்வளவு பணத்தைக் கொண்டுவந்தது என்று முதலாளிக்கு உடனே புரியும். உங்கள் பிரிவு வேறாக இருந்தால் வேறு அளவுகள் இருக்கும்: திரும்பி வந்த சரக்கின் எண்ணிக்கை குறைந்தது, வாடிக்கையாளர் பாக்கி வசூலாக எடுக்கும் நாள்கள் குறைந்தது, புதிதாக வந்த இருவருக்கு நீங்கள் பயிற்சி கொடுத்தது. நீங்கள் தனியாகச் செய்யாததைத் தனியாகச் செய்ததாக எழுத வேண்டாம். மேலாளருக்கு உண்மை தெரியும், அந்த ஒரு சொல்லால் மற்ற மூன்றையும் சந்தேகிப்பார்.

தொகையை முதல் செய்தியிலேயே எழுதலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மேலாளர் வேறொருவரிடம் கேட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்றால் எழுதுவதுதான் சரி என்பது என் அனுபவம். எண் இல்லாமல் மேலே போகும் கோரிக்கை, எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கமான உயர்வில் கரைந்துவிடும். உங்கள் மேலாளரே முதலாளியாகவும் இருக்கும் சிறிய கடை, பட்டறை போன்ற இடங்களில் தொகையைச் செய்தியில் விட்டுவிட்டு, நேரில் உட்கார்ந்து சொல்வது நல்லது. எழுத்தில் எண்ணைப் பார்த்ததும் அவர் மனதில் ஒரு மறுப்பை உருவாக்கிக்கொண்டு வந்துவிட வாய்ப்பிருக்கிறது.

வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்பதை முதல் செய்தியில் எழுதவே வேண்டாம். கையில் வேலைக்கான கடிதம் இருந்து, உயர்வு இல்லையென்றால் போவதற்கு நீங்கள் உண்மையிலேயே தயாராக இருந்தால், அதை நேரில் அமைதியாகச் சொல்லலாம்.

அனுப்பிய பிறகு

பதில் வராவிட்டால் ஐந்து வேலை நாள்கள் பொறுத்திருங்கள். நீலக் குறி விழுந்துவிட்டது என்பதற்காக மறுநாளே கேட்பது நெருக்குவது போலாகும். ஐந்து நாள்களுக்குப் பிறகு, அதே மின்னஞ்சலின் கீழேயே, “சார், போன வாரம் எழுதியது பற்றிப் பேசத் திங்கள் அல்லது செவ்வாய் மதியம் வசதிப்படுமா?” என்று ஒரே வரி எழுதினால் போதும். காரணங்களை மறுபடியும் எழுத வேண்டாம், மேலே இருப்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

நேரில் பேசும்போது நீங்கள் கொண்டுபோகும் தாளில் செய்தியில் உள்ள மூன்று விவரங்களும், சம்பளக் கணக்கும் இருக்கட்டும். 23,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் அதே விகிதத்தில் 13,800 ரூபாயானால் வைப்பு நிதிப் பிடித்தம் 1,656 ரூபாய் ஆகும், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்காது, கைக்கு வருவது 21,344 ரூபாய். மருத்துவக் காப்பீட்டைப் பற்றிய கோரிக்கையை இந்த இடத்தில் எடுக்கலாம். மேலாளர் பெரும்பாலும் “மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்பார். அப்போது “எப்போது சொல்வீர்கள்?” என்று கேட்பதைவிட, “மாதக் கடைசியில் ஒருமுறை வந்து கேட்கட்டுமா சார்?” என்று கேட்டால் அவரும் ஒத்துக்கொள்வார், உங்களுக்கும் ஒரு தேதி கிடைத்துவிடும்.

முழுத் தொகை கிடைக்காமல் 21,500 ரூபாய்தான் முடியும் என்று பதில் வந்தால், உடனே சரி என்றும் சொல்லாமல், மறுக்கவும் செய்யாமல், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்தத் தொகைக்கும் ஈ.எஸ்.ஐ. வரம்பு தாண்டிவிடுகிறது, ஆனால் கூடுவது 1,500 ரூபாய் மட்டுமே. இந்த நிலையில் மருத்துவக் காப்பீட்டோடு 21,500 ரூபாய் என்று கேட்பது நியாயம். அது முடியாதென்றால், அக்டோபரில் மறுபடியும் உயர்த்துவதாக எழுத்தில் ஒரு வரி கேட்கலாம். இந்த வருடம் எதுவுமே முடியாது என்றால், எந்த வேலையை எந்த மாதத்துக்குள் செய்தால் முடியும் என்று கேட்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த முடிவு வந்தாலும் அன்றைக்கே இப்படி ஒரு பதில் மின்னஞ்சல் போக வேண்டும்:

> வணக்கம் சார், இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. நாம் பேசியபடி ஏப்ரல் முதல் மொத்தச் சம்பளம் 22,500 ரூபாய் என்றும், குழு மருத்துவக் காப்பீட்டில் என்னையும் என் பெற்றோரையும் சேர்ப்பது பற்றி மனிதவளப் பிரிவில் கேட்டு பிப்ரவரி இறுதிக்குள் சொல்வதாகவும் குறித்துக்கொண்டேன். நான் புரிந்துகொண்டதில் ஏதேனும் மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

இந்த மின்னஞ்சல் இல்லாமல், மேலாளர் வேறு பிரிவுக்கு மாறிப்போனதால் பேசியதெல்லாம் காற்றில் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். பிறகு ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் முதலில் மொத்தச் சம்பள வரியையும், அடுத்து வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பிடித்த வரிகளையும் பாருங்கள். ஏப்ரல் 1 முதலே 21,000 ரூபாயைத் தாண்டியிருந்தும் ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தாலோ, பேசிய மொத்தத் தொகையில் வித்தியாசம் இருந்தாலோ, அந்த மின்னஞ்சலைக் காட்டி சம்பளப் பட்டியல் போடுபவரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.